"மேலதிக விபரங்களுக்கு இன்பொக்ஸ் வரவும்"



இது கொஞ்சம் நீளமான பதிவு. ஊரில் சங்கம், அமைப்பு, நூலகம், இரத்ததான முகாம் என்று ஏதாவது நடத்துகிறவர்கள் பொறுமையாக வாசியுங்கள். நான் விட்ட ஒரு பிழையைப் பற்றியும், அதைத் திருத்தப் போய் படித்துக் கொண்டதைப் பற்றியும் எழுதுகிறேன்.

எங்கள் சிறிய அமைப்பொன்று கல்முனைக்குடியில் கடற்கரைப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு வாசிப்பு வட்டம் ஒன்று நடத்துகிறது. தரம் 3, 4 படிக்கிற பிள்ளைகள். அ, ஆ எல்லாம் தெரியும். க், ங் தெரியும். ஆனால் "கொக்கு" என்று எழுதிக் காட்டினால் முன்னால் நிற்கிற கொம்பைப் பார்த்ததும் வாய் நின்று விடும். வகுப்பில் முப்பத்தைந்து பிள்ளைகளுக்கு ஒரு ஆசிரியர் என்றிருக்கும்போது இந்தப் பிள்ளைகள் பின் வாங்கில் அமைதியாக இருந்து விடுவார்கள். இவர்களுக்குத் தேவைப்படுவது பக்கத்தில் இருந்து அவர்கள் வாசிப்பதைக் கேட்க ஒரு ஆள். அதற்குத்தான் தொண்டர்கள் தேவைப்பட்டார்கள்.

ஆள் சேர்க்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. தமிழ் படிப்பிக்கிற ஆள்தானே என்று தந்தார்கள். நானும் ஆசையாகத்தான் எழுதினேன். வட்டாரப் பிள்ளைகள் கடலைப் பார்த்து நிற்கிற படம் ஒன்றைப் போட்டு, அதன் கீழ் இப்படி:

"எமது ஊரின் எதிர்காலச் சந்ததிக்காகக் கைகோர்ப்போம்! சமூக உணர்வுள்ள இளைஞர்களே, யுவதிகளே, அணிதிரள்வீர்! ஒரு பிள்ளையின் கையைப் பிடியுங்கள், ஒரு சமூகம் எழுந்து நிற்கும். மேலதிக விபரங்களுக்கு இன்பொக்ஸ் வரவும்."

நானூறுக்கு மேல் லைக். கொமென்ட் பக்கம் முழுக்க "மாஷா அல்லாஹ்", "அருமையான முயற்சி ஸேர்". முப்பத்தொரு பேர் இன்பொக்ஸ் வந்தார்கள். முதல் சனிக்கிழமை ஒன்பது பேர் வந்தார்கள். நாலாவது சனிக்கிழமை என்னோடு இருந்தது இரண்டு பேர்.

எனக்குக் கோபம் வந்தது. இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் பொறுப்பில்லை என்று வீட்டில் சத்தம் போட்டேன். அந்தக் கோபத்தை முடித்து வைத்தது ஒரு உம்மா. கடலுக்குப் போகிற ஒருவரின் மனைவி. பள்ளிக்கூட வாசலில் என்னை நிறுத்திக் கேட்டார்:

"ஸேர், மகனுக்குச் சொல்லிக் குடுத்த அந்தத் தம்பி ஏன் வாறல்ல? இவன் என்ன பிழை செஞ்ச?"

அந்தத் தம்பி பல்கலைக்கழக விடுமுறையில் வந்து நின்ற பிள்ளை. மூன்று கிழமை வந்தார், மிக நன்றாகச் செய்தார். பிறகு கெம்பஸ் திறந்து போய்விட்டார். மகன் அடுத்த கிழமையும் கொப்பியோடு வந்து அதே கதிரைக்குப் பக்கத்தில் இருந்திருக்கிறான். வேறு ஆளிடம் போ என்றால் போகவில்லை. பிறகு வருவதை நிறுத்தி விட்டான். தான் சரியாக வாசிக்காததால்தான் அந்த நானா வருவதில்லை என்று அவனுக்கு ஒரு எண்ணம்.

அன்று இரவு அந்தத் தம்பிக்குப் போன் எடுத்தேன். அவர் கொஞ்சம் திகைத்துப் போய்ச் சொன்னார்: "ஸேர், எவ்வளவு காலம் எண்டு நீங்க சொல்லல்லயே. நான் லீவுக்கு உதவி செய்வம் எண்டுதான் வந்த."

அவர் சொன்னது சரி. நான் சொல்லவில்லை. என் பதிவில் "சந்ததி" இருந்தது, "சமூகம்" இருந்தது, ஒரு திகதிகூட இருக்கவில்லை.

பிறகு இன்பொக்ஸ் வந்து மறைந்து போனவர்களில் பதினைந்து பேர் வரைக்கும் ஒவ்வொருவராகக் கேட்டேன். குறை சொல்ல அல்ல, ஏன் என்று தெரிந்துகொள்ள. சோம்பல் என்று நான் நினைத்த இடத்திலெல்லாம் வேறு ஏதோ இருந்தது. பெசாரில் கடையில் நிற்கிற ஒருவர் ஒவ்வொரு நாளும் வர வேண்டும் என்று நினைத்திருந்தார். ஓய்வு பெற்ற ஒரு எழுதுவினைஞர் ஆங்கிலம் படிப்பிக்கச் சொல்வார்களோ என்று பயந்திருந்தார். ஏ.எல். எழுதிவிட்டு வீட்டில் இருந்த ஒரு மகள் சொன்னதுதான் என்னைச் சுட்டது: "எத்தன மணிக்கு முடியும் எண்டு தெரியாம உம்மாக்கிட்ட எப்படி ஸேர் கேக்கிற? ஆரெல்லாம் வருவாங்க எண்டு கேட்டா நான் என்னத்தச் சொல்ற?"

இன்பொக்ஸில் அவர் இதைக் கேட்டிருக்கிறார். நான் இரண்டு நாள் கழித்து "விரைவில் அறிவிப்போம்" என்று பதில் போட்டிருக்கிறேன். அதோடு அவர் விட்டுவிட்டார்.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. லைக் போடுகிறவர் தனியாக முடிவெடுக்கலாம். வருகிறவர் அப்படி முடிவெடுப்பதில்லை. அவர் உம்மாவிடம், மனைவியிடம், முதலாளியிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் வருகிறார். அந்தக் கேள்விக்குரிய விடைகளை அவர் கையில் கொடுத்து அனுப்புவதுதான் அறிவித்தலின் வேலை. மனதைத் தொடுவது எல்லாம் அதற்குப் பிறகு.

இது எங்களுக்குப் புது விஷயமும் இல்லை. நாங்கள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது பள்ளி ஒலிபெருக்கியில் எப்படி அறிவிப்பார்கள்? "நாளை ஞாயிற்றுக்கிழமை சுபஹுத் தொழுகைக்குப் பின் மையவாடி துப்புரவு நடைபெறும். மண்வெட்டி, கத்தி உள்ளவர்கள் கொண்டு வரவும். ஒன்பது மணிக்கு முடிவடையும். காலைச் சாப்பாடு உண்டு." எப்போது, என்ன வேலை, எதைக் கொண்டு வருவது, எப்போது வீட்டுக்குப் போகலாம், எல்லாம் நாலு வரியில். உணர்ச்சி வசனம் ஒன்றும் இல்லை. ஆட்கள் வந்தார்கள்.

சிரமதானம் என்ற சொல்லை நாடு முழுக்கப் பரப்பிய சர்வோதயமும் ஒரு பள்ளிக்கூட ஆசிரியரிடம்தான் தொடங்கியது. 1958இல் கொழும்பு நாலந்தா கல்லூரியில் படிப்பித்துக் கொண்டிருந்த ஏ.ரி. ஆரியரத்ன மாணவர்களையும் ஆசிரியர்களையும் கனதொலுவ என்ற ஒதுக்கப்பட்ட கிராமத்துக்கு முகாமாக அழைத்துப் போனார். போனவர்கள் எல்லா ஊருக்கும் எல்லாக் காலத்துக்கும் சேவை செய்வதாகச் சொல்லிப் போகவில்லை. ஒரு ஊர், கையால் செய்கிற வேலை, தொடக்கமும் முடிவும் உள்ள ஒரு முகாம். இயக்கம் வளர்ந்தது அதற்குப் பிறகு.

சிலர் கேட்பார்கள், சுனாமிக்கு யார் அறிவித்தல் போட்டார்கள் என்று. உண்மைதான். 2004 டிசம்பர் 26 காலை இந்தக் கரையில் யாரும் யாரையும் அழைக்கவில்லை. இலங்கையில் ஆகக் கூடுதலான உயிர்கள் போனது எங்கள் அம்பாறை மாவட்டத்தில். அன்று வேலை கண் முன்னால் கிடந்தது. எங்கே போவது, என்ன செய்வது என்று யாருக்கும் சொல்ல வேண்டியிருக்கவில்லை, எவ்வளவு நேரம் என்று யாரும் கேட்கவும் இல்லை. ஆனால் ஒரு பிள்ளைக்கு வாசிக்கத் தெரியாமல் இருப்பது ரோட்டில் போகிறவர் கண்ணில் படாது. கண்ணுக்குத் தெரியாத வேலையை நாலு வரியில் கண்ணுக்குக் காட்ட வேண்டியிருக்கிறது.

இரண்டாம் முறை எழுத உட்கார்ந்தபோது முதலில் பேனையை எடுக்கவில்லை. கணக்குப் பார்த்தேன்.

பிள்ளைகள் பதினாறு. ஒருவருக்கு இரண்டு பிள்ளைக்கு மேல் கொடுத்தால் மூன்றாவது பிள்ளை சும்மா இருக்கும். ஆகவே எட்டுப் பேர் வேண்டும். யாருக்காவது காய்ச்சல் வந்தால் நிற்க ஒரு மேலதிக ஆள். ஒன்பது பேர். முதல் பதிவில் "அணிதிரள்வீர்" என்றதற்குக் காரணமே எத்தனை பேர் வேண்டும் என்று எனக்கே தெரியாததுதான். ஒன்பது என்று எழுதியதும் வாசிக்கிறவருக்கும் ஒன்று புரிகிறது: தான் வராவிட்டால் ஒரு கதிரை வெறுமையாக இருக்கும்.

அடுத்தது நேரம். சனிக்கிழமை பின்னேரம் 4.15 முதல் 5.30 வரை. அஸர் தொழுதுவிட்டு வரலாம், மஃரிபுக்கு முன் வீட்டில் இருக்கலாம். காலையில் பிள்ளைகளுக்கு ஓதல், டியூஷன். இது 75 நிமிடம். ஆனால் 75 நிமிடம் என்று மட்டும் எழுதினால் பொய். வந்து போக வேண்டும், பிள்ளை எந்த எழுத்தில் தடுக்கியது என்று கொப்பியில் எழுதி வைக்க வேண்டும். எல்லாம் சேர்த்தால் இரண்டு மணித்தியாலம். அதையே எழுதினேன். ஒரு மணித்தியாலம் என்று கூப்பிட்டு இரண்டு மணித்தியாலம் வைத்திருந்தால் மூன்றாம் கிழமை ஆள் வராது.

எத்தனை கிழமை? இங்கேதான் முதல் முறை சறுக்கினேன். "தொடர்ச்சியாக" என்று எழுதினால் யாருக்கும் பயம். நோன்புப் பெருநாள் முடிந்து இரண்டாவது சனிக்கிழமை தொடங்கினால் ஹஜ் பெருநாளுக்கு முன் எட்டுச் சனிக்கிழமை கிடைக்கிறது. இரண்டு பெருநாளுக்கும் இடையில் என்றால் நாட்காட்டி பார்க்காமலே எல்லோருக்கும் விளங்கும். எட்டுத் தரம் இரண்டு, பதினாறு. முதல் நாள் பயிற்சிக்கு இரண்டு. மொத்தம் 18 மணித்தியாலம். முடிகிற திகதியைச் சொன்னால் ஆள் குறையும் என்று எங்கள் கூட்டத்தில் ஒருவர் பயந்தார். நடந்தது மறுபக்கம். முடிவு தெரிந்ததால்தான் கடைக்காரத் தம்பி முதலாளியிடம் எட்டுச் சனிக்கிழமை கேட்டு வாங்கினார்.

பிறகு வேலை. "கல்விப் பணியில் பங்களிப்பு" என்று எழுதினால் அது வேலை இல்லை. கை என்ன செய்யும், வாய் என்ன செய்யும் என்று எழுத வேண்டும். அதோடு எது உங்கள் வேலை இல்லை என்பதையும் எழுத வேண்டும். ஓய்வு பெற்ற அந்த எழுதுவினைஞரை உள்ளே கொண்டு வந்தது "ஆங்கிலம், கணிதம் படிப்பிக்கத் தேவையில்லை" என்ற ஒரு வரிதான்.

கடைசியாகச் சேருகிற வழி. ஒரே வழி. முதல் முறை இன்பொக்ஸ், கொமென்ட், நேரில் என்று மூன்று வாசல் திறந்து வைத்து மூன்றிலும் ஆட்களைத் தொலைத்தேன். இம்முறை வட்ஸ்அப் மட்டும், அதுவும் அமைப்புக்கென்று தனியாக எடுத்த இலக்கம். பெண் தொண்டர்களின் சொந்த இலக்கத்தைப் பகிரங்கமாகப் போடவே கூடாது, பிறகு வருகிற தொல்லைக்கு அளவிருக்காது. அழுத்தினால் நேராகத் திறக்கிற இணைப்பை இப்படி எழுதலாம்:

```
https://wa.me/947XXXXXXXX
```

இலக்கத்தின் முன்னால் உள்ள பூச்சியத்தை எடுத்துவிட்டு 94 போட வேண்டும். கூட்டல் குறி, இடைவெளி ஒன்றும் வரக் கூடாது. போடுவதற்கு முன் வேறொருவரின் போனில் அழுத்திப் பாருங்கள். இன்ஸ்டகிராமில் படத்தின் கீழ் எழுதுகிற இணைப்பு அழுத்துப்படாது, அங்கே இலக்கத்தையே தெளிவாக எழுதிவிடுவது நல்லது.

நான் கடைசியில் போட்டது இது:

"சனிக்கிழமைகளில் 2 மணித்தியாலம், மொத்தம் 8 கிழமை. 9 பேர் தேவை.
வேலை: தரம் 3, 4 பிள்ளைகள் இருவருக்குப் பக்கத்தில் இருந்து அவர்கள் வாசிப்பதைக் கேட்பது. தடுக்குகிற எழுத்தைக் கொப்பியில் குறிப்பது. கடைசியில் ஒரு கதை வாசித்துக் காட்டுவது.
தேவையில்லாதது: ஆங்கிலம், கணிதம், ஆசிரியர் அனுபவம், பணம் சேர்ப்பது. தமிழ் சரளமாக வாசிக்கத் தெரிந்தால் போதும்.
நேரம்: பி.ப. 4.15 – 5.30. நோன்புப் பெருநாளுக்குப் பின் 2ஆவது சனி முதல், ஹஜ் பெருநாளுக்கு முன் முடியும். முதல் சனிக்கு முந்திய வெள்ளி பின்னேரம் 2 மணித்தியாலப் பயிற்சி.
யார்: 18 வயதுக்கு மேல், ஆண் பெண் இருபாலாரும். பெண்களுக்குத் தனி அறை, பொறுப்பாக ஒரு ஆசிரியை இருப்பார். பிள்ளைகள் இருக்கும் அறையில் எப்போதும் பெரியவர்கள் இருவர் இருப்பார்கள். படம் எடுக்க அனுமதி இல்லை.
கொடுப்பனவு இல்லை. தேநீர் உண்டு.
சேர: இந்த இலக்கத்துக்கு வட்ஸ்அப்பில் பெயர், வீதி, உங்களைத் தெரிந்த ஊரவர் ஒருவரின் பெயர் அனுப்புங்கள். அடையாள அட்டைப் படம் அனுப்ப வேண்டாம். 2 நாளுக்குள் பதில் வரும். முதல் சனி வந்து பார்த்துவிட்டு ஒத்து வராவிட்டால் காரணம் சொல்லாமல் விலகலாம். அதற்குப் பிறகு விலகுவதென்றால் ஒரு கிழமைக்கு முன் சொல்லுங்கள், பிள்ளை காத்திருக்கும்."

இதன் கீழ் கடைசித் திகதியை வருடத்தோடு போட்டேன். முதல் பதிவில் அது இல்லாததால், எல்லாம் முடிந்து மாதக் கணக்கில் யாரோ ஷெயார் பண்ண, ஆட்கள் வந்து கொண்டே இருந்தார்கள். முதல் வரியில் நேரத்தையும் ஆள் தொகையையும் வைத்ததற்கும் காரணம் உண்டு. பேஸ்புக் முதல் சில வரிகளை மட்டும் காட்டி மீதியை மடித்து விடும். மடிப்புக்கு மேலே "எதிர்காலச் சந்ததி" இருந்தால் விரலால் தள்ளிவிட்டுப் போய்விடுவார்கள். இன்னொன்று, படத்தை மட்டும் இறக்கிக் குழுமங்களில் போடுவார்கள், கீழே எழுதியது கூட வராது. அதனால் கிழமை, நேரம், இலக்கம், கடைசித் திகதி நான்கையும் படத்துக்குள்ளும் எழுதினோம்.

அறுபத்தொரு லைக். கொமென்ட் ஆறோ ஏழோ. என் மனம் கொஞ்சம் சோர்ந்ததை மறைக்க மாட்டேன். ஆனால் வட்ஸ்அப்பில் பதினான்கு பேர் வந்தார்கள். பயிற்சிக்குப் பதினொரு பேர். முதல் சனிக்குப் பிறகு இரண்டு பேர், ஒத்து வராது என்று சொல்லி சலாம் கூறிப் போனார்கள். ஒன்பது பேர் நின்றார்கள். ஐந்தாம் கிழமை ஒருவருக்குக் கட்டார் பயணம் சரி வந்தது. ஒரு கிழமைக்கு முன் சொன்னார், மேலதிகமாக இருந்தவர் அந்தக் கதிரைக்கு வந்தார். எட்டுப் பேர் கடைசி நாள் வரை இருந்தார்கள். ஏ.எல். எழுதிய அந்த மகளும் அதில் ஒருவர். பதிவை அப்படியே உம்மாவுக்கு வாசித்துக் காட்டினாராம். "தனி அறை" என்ற இடத்தில் உம்மா தலையாட்டினாராம்.

இதனால் எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல வரவில்லை. இரவுக் கடலுக்குப் போகிற ஆட்களுக்குச் சனி பின்னேரம் சரிவராது, அவர்களை இந்தப் பதிவால் அழைக்க முடியவில்லை. வந்த ஒன்பது பேரில் ஆண்கள் மூன்று பேர்தான். அறிவித்தல் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் நேரமே இல்லாதவருக்கு நேரத்தைக் கொடுக்காது. நேரம் இருந்தும் தயங்குகிறவரின் தயக்கத்தை மட்டும்தான் அது எடுக்கும்.

இன்னொரு விஷயத்தையும் மாற்றினோம். முடிகிற திகதியைத் தொண்டருக்குச் சொன்னது போல் பிள்ளைக்கும் சொல்ல வேண்டும் என்று பயிற்சியில் வைத்தோம். முதல் நாள் முதல் வசனம்: "நான் எட்டுச் சனிக்கிழமை வருவன். அதுக்குப் பிறகு முடியும்."

அந்த மகனை நான் வீட்டுக்குப் போய்க் கேட்டேன். முதல் இரண்டு கிழமை வரவில்லை. மூன்றாம் கிழமை வந்து வாசலில் நின்றான். ஓய்வு பெற்ற எழுதுவினைஞருக்குப் பக்கத்தில் இருத்தினேன். "நான் இன்னும் ஆறு சனிக்கிழமை வருவன் மகன்" என்று அவர் சொன்னார். அவன் ஒன்றும் பேசவில்லை. கொப்பியின் பின் அட்டையில் ஆறு பெட்டி கீறினான். ஒவ்வொரு சனிக்கிழமையும் வாசிக்கத் தொடங்க முன் ஒரு பெட்டியை வெட்டுவான்.

ஆறாவது பெட்டியை வெட்டின அன்று, அவர் வாசித்துக் காட்ட வேண்டிய கதையை அவனே வாசித்தான். நடுவில் மூன்று இடத்தில் நின்றான். கொம்பு அதில் ஒன்றில்லை.

மேலே உள்ள அறிவித்தலை யாரும் எடுத்துத் தங்கள் வேலைக்கேற்ப மாற்றிப் பாவிக்கலாம், என்னிடம் கேட்கத் தேவையில்லை. போடுவதற்கு முன் ஒன்று மட்டும் செய்யுங்கள். வீட்டில் உள்ள ஒருவரிடம் வாசிக்கக் கொடுத்து, எப்போது தொடங்கும், எப்போது முடியும், என்ன செய்ய வேண்டும், யாரிடம் சொல்ல வேண்டும் என்று கேளுங்கள். நான்கில் ஒன்றுக்கு அவர் உங்கள் முகத்தைப் பார்த்தால், பதிவு இன்னும் தயாரில்லை.

அடுத்த வட்டத்துக்கான அறிவித்தல் இன்ஷா அல்லாஹ் மாரி மழை முடிந்ததும் வரும். திகதியோடு.